யார், எப்போது, எதை மாற்றினார்? கூகுள் மேப்பில் பின்னுக்குப் போன ஒரு தையல் கடை

கேள்வி

"வெள்ளவத்தையில் பதினொரு வருடமாகச் சாறி பிளவுஸ் தைக்கும் கடை நடத்துகிறேன். கூகுள் மேப்பில் tailor near me என்று தேடினால் முதல் மூன்று கடைகளுக்குள் வருவோம். இப்போது எங்களைக் காணவே இல்லை. கூகுள் காட்டும் கணக்கில் கோல்கள் ஜூனில் 64, ஜூலையில் 51, ஓகஸ்டில் 22. ஜூனில் tailor near me தான் தேடல் சொற்களில் மேலே இருந்தது. ஓகஸ்டில் boutique, kurti என்றுதான் வருகிறது. ஜூன் 20 அளவில் என் பெறாமகன் கடைப் பெயரோடு Best Blouse Stitching Wellawatte என்று சேர்த்தான். ஜூலை 8இல் நான் பூட்டும் நேரத்தை இரவு 8இலிருந்து 6ஆக மாற்றினேன். ஜூலை கடைசியில் விளம்பரம் பார்க்கும் பிள்ளை, ரெடிமேட் குர்தியும் விற்கிறோம் என்பதால், ஏதோ 'வகை' மாற்றினார். ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பழையபடி ஆக்கிவிடவா? பக்கத்துக் கடைக்காரர் ஏதும் செய்திருப்பாரோ என்றும் சந்தேகம்."
— வாசகி, கொழும்பு 06

பதில்

அன்பின் சகோதரிக்கு,

இந்தக் கிழமை கூகுள் மேப்பில் உள்ள உங்கள் கடைப் பதிவில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். மூன்றையும் ஒரே நாளில் பழைய நிலைக்குக் கொண்டுபோனால் கடை மேலே ஏறினாலும் எதனால் ஏறியது என்று தெரியாது. ஏறாவிட்டால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. பெயர், முகவரி, வகை போன்ற முக்கிய விபரங்களை மாற்றும்போது, இது உண்மையான கடைதானா என்று கூகுள் மறுபடி சரிபார்க்கச் சொல்வதும் உண்டு. அப்படிக் கேட்டால் சில நாட்கள் பதிவே முடங்கி நிற்கலாம். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதையும் எழுதி வைத்த பிறகுதான்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. திகதிகள் ஓரளவு தெரிகின்றன, தேடல் சொற்கள் மாறியதையும் கவனித்திருக்கிறீர்கள். மிச்சத்தைக் கண்டுபிடிக்கலாம்.

நடந்ததைப் பின்னோக்கி எழுதுங்கள்

கடை உரிமையாளர் தான் செய்த திருத்தங்களையெல்லாம் திகதி வாரியாகத் திரும்பிப் பார்க்கக்கூடிய ஒரு பக்கத்தைக் கூகுள் தருவதில்லை. அதனால் நீங்களே சேர்க்க வேண்டும். ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, ஜூன் 1 முதல் இன்றுவரை ஒரு நாளுக்கு ஒரு வரி விட்டுத் திகதிகளை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நான்கு இடங்களிலிருந்து அந்த வரிகளை நிரப்புங்கள்.

முதலாவது, பதிவை நடத்தும் ஜிமெயில் பெட்டி. உங்கள் பதிவில் மாற்றம் நடந்தது பற்றிக் கூகுள் அனுப்பிய மடல்கள் அதில் இருக்கலாம். Business Profile என்று தேடுங்கள். குப்பைப் பெட்டியையும் விடாதீர்கள். இரண்டாவது, விளம்பரப் பிள்ளையோடும் பெறாமகனோடும் நடந்த வட்ஸ்அப் உரையாடல். "மாத்திட்டேன் அன்ரி" என்ற ஒரு வரிக்கு மேலே திகதியும் நேரமும் இருக்கும். மூன்றாவது, யாருடைய போனிலாவது கிடக்கும் ஸ்கிரீன்ஷாட்கள். நான்காவது உங்கள் ஓர்டர் புத்தகம். பலர் இதை மறந்துவிடுவார்கள், ஆனால் மாதக் கணக்கு மறைக்கும் விஷயத்தை இதுதான் காட்டும். "கூகுளில் பார்த்து வந்தோம்" என்று சொன்ன புது வாடிக்கையாளரை ஞாபகம் இருக்கும்வரை ஒரு புள்ளியால் குறியுங்கள்.

உங்கள் கடையில் இது ஏன் முக்கியம் என்றால், ஜூலையில் இரண்டு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. ஜூலை நடுப்பகுதியில் ஆடி பிறந்துவிடுகிறது. கல்யாண வீடுகள் நின்றுவிடும், பிளவுஸ் ஓர்டரும் இயல்பாகவே குறையும். ஆகவே 64 கோல் 51 ஆனதற்கு ஆடியே போதுமான காரணமாக இருக்கலாம். சென்ற வருட ஓர்டர் புத்தகத்தில் அதே கிழமைகளைப் பாருங்கள், அங்கேயும் அதே அளவு சரிவு இருந்தால் ஜூலையை விட்டுவிடலாம். ஓகஸ்ட் அப்படியல்ல. அந்த மாதத்தின் நடுவில் ஆவணி பிறக்கிறது, முகூர்த்தங்கள் தொடங்குகின்றன. ஏற வேண்டிய மாதத்தில் 22க்கு இறங்கியதைக் பருவகால ஏற்ற இறக்கம் என்று சொல்ல முடியாது. நாங்கள் தேட வேண்டிய இறக்கம் இதுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் 64, 51, 22 என்பவை பதிவிலுள்ள அழைப்புப் பொத்தானை மக்கள் தட்டிய தடவைகள். உங்கள் போன் மணியடித்த தடவைகள் அல்ல. பதிவிலுள்ள இலக்கம் பிழையாக இருந்தால்கூட அந்தக் கணக்கு ஏறும், கடையில் மட்டும் சத்தமே இருக்காது. உங்களுக்குப் பொத்தான் தட்டுவதே குறைந்திருக்கிறது. அதாவது மக்கள் உங்கள் பதிவைக் காண்பதே குறைந்திருக்கிறது, அல்லது வேறு விதமான மக்கள் காண்கிறார்கள். தேடல் சொற்கள் மாறியிருப்பது இரண்டாவதைக் காட்டுகிறது.

இறக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதைத்தான் கொப்பி சொல்லும். எது காரணம் என்பதை அறிய, எந்தச் சொல்லுக்கு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் மூன்று மாற்றங்களும் மூன்று வெவ்வேறு தடங்களை விட்டுப் போகக்கூடியவை.

*நேரம்.* தேடும் கணத்தில் பூட்டியிருக்கும் கடை, திறந்திருக்கும் கடைகளுக்குப் பின்னால் போவதைப் பார்க்க முடிகிறது. இதை ஒரே நாளில் சோதிக்கலாம். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் ஒரே இடத்தில் நின்று ஒரே சொல்லைத் தேடுங்கள். 5 மணிக்கு மேலே இருந்து 7 மணிக்கு இறங்கினால் அது நேரத்தின் விளைவு. இரண்டு நேரத்திலும் கீழேயே இருந்தால் நேரம் முக்கிய காரணம் அல்ல. அலுவலகம் விட்டு பஸ்ஸில் வரும் பெண்கள் தேடும் நேரம் 6 மணிக்குப் பிறகு என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் இழப்பு இருந்திருக்கும். அதற்காக 6 மணிக்குப் பூட்டிக்கொண்டு 8 என்று போடாதீர்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்ற ஒருவர் எழுதும் ஒற்றை நட்சத்திர விமர்சனம் நெடுநாள் இருக்கும்.

*பெயர்.* பெயரில் தேடல் சொற்களைச் சேர்த்தால் அந்தச் சொற்களுக்குப் பதிவு ஏறுவதுதான் வழக்கம். அதனால்தான் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். ஆகவே உங்கள் இறக்கத்துக்குப் பெயர் காரணமாக இருப்பது சந்தேகமே. ஆனாலும் அதை விட்டுவைக்க முடியாது. போர்டில் உள்ள பெயரே பதிவில் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. யாராவது முறையிட்டால் கூகுளே பெயரை வெட்டலாம், பதிவையே இடைநிறுத்தவும் கூடும். பெறாமகன் நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் ஜூன் 20 முதல் அந்த ஆபத்து உங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது.

*வகை.* என் கணிப்பு இதில்தான் நிற்கிறது. பதிவில் ஒரு முதன்மை வகையும் அதன் கீழே மேலதிக வகைகளும் இருக்கும். எந்தத் தேடலுக்கு உங்களைக் காட்டுவது என்று தீர்மானிப்பதில் முதன்மை வகைக்கு மற்றவற்றைவிட அதிகக் கனம். அது Tailor என்பதிலிருந்து Boutique என்று மாறியிருந்தால், தையல் தேடல்களில் இறங்கி, உடுப்புக் கடைத் தேடல்களில் புதிதாகத் தலை காட்டுவீர்கள். ஓகஸ்டில் நடந்தது அச்சொட்டாக அதுதான். பதிவு பலவீனப்பட்டிருந்தால் எல்லாச் சொற்களிலும் ஒருசேர இறங்கியிருக்கும். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியிருப்பதால், கூகுள் உங்கள் கடையை வேறு இனமாகப் படிக்கிறது என்று கொள்ளலாம். Tailor இப்போது மேலதிக வகையாகவாவது இருக்கிறதா, அடியோடு எடுக்கப்பட்டுவிட்டதா என்று விளம்பரப் பிள்ளையிடம் கேட்டு, பதிலை அந்தத் திகதி வரியில் எழுதுங்கள். அடியோடு எடுத்திருந்தால் சரிவு இவ்வளவு ஆழமாக இருப்பதற்கு அதுவே விளக்கம்.

பக்கத்துக் கடைக்காரர் விஷயம். உங்கள் பதிவுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியலாம், சில வேளை கூகுள் அதை ஏற்றுக்கொள்ளும். அதனால் உங்கள் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படி நடந்திருந்தால் நேரம், இலக்கம், பெயர், மேப்பில் உள்ள புள்ளி, இவற்றில் ஒன்று நீங்கள் வைத்தது போல் இருக்காது. ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எல்லாம் நீங்கள் வைத்தபடியே இருந்தால் அவரை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டாரே செய்த மூன்று மாற்றங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன.

அளவு எடுக்கும் முறை

கடைக்குள் இருந்து தேடிப் பார்ப்பது பெரிய ஏமாற்று. தேடுபவர் நிற்கும் இடத்துக்கும் கடைக்கும் உள்ள தூரம் வரிசையைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்று. சொந்தக் கடைக்குள் நின்று தேடினால் இறங்கிய பதிவும் மேலே தெரியலாம். அதனால் மூன்று நிலையான இடங்களை வைத்துக்கொள்ளுங்கள்: கடை வாசல், பம்பலப்பிட்டிச் சந்தி, தெஹிவளைச் சந்தி. வாசலில் மட்டும் நன்றாக இருந்து மற்ற இரண்டிலும் காணாமல் போயிருந்தால், உங்கள் எல்லை சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

சொற்கள் நான்கு போதும்: tailor near me, blouse stitching wellawatte, தையல் கடை, boutique near me. கடைசிச் சொல் உங்களுக்கு வேண்டிய சொல் அல்ல, ஆனால் வகை மாற்றத்தின் விளைவை அதுதான் காட்டிக் கொடுக்கும். கிழமையில் ஒரு நாள், உதாரணமாகச் செவ்வாய் காலை 11 மணிக்கு, போனில் incognito எனும் மறைநிலைச் சாளரம் திறந்து, இருப்பிட அனுமதி கொடுத்துத் தேடுங்கள். அதே ஆள், அதே போன், அதே நேரம். போயா நாளில் வேண்டாம், பல கடைகள் பூட்டியிருப்பதால் வரிசையே வேறு மாதிரி இருக்கும். முதல் இருபதுக்குள் எத்தனையாவது என்று எழுதுங்கள், அதற்குக் கீழே என்றால் 20+ என்று போடுங்கள்.

அதோடு, நீங்கள் கை வைக்காத இரண்டு தையல் கடைகளின் இடத்தையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை ஒருவரும் செய்வதில்லை, செய்தால் பல வீண் சண்டைகள் மிச்சமாகும். அடுத்த செவ்வாய் நீங்கள் ஐந்து இடம் இறங்கி, அந்த இரண்டும் அசையாமல் இருந்தால் காரணம் உங்கள் பதிவில் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து புரண்டிருந்தால் கூகுள் தன் பக்கத்தில் எதையோ மாற்றியிருக்கிறது. அந்தக் கிழமை உங்கள் பதிவைத் தொடாதீர்கள். ஒன்றிரண்டு இடம் ஏறி இறங்குவது தினசரி ஆட்டம், அதற்குக் காரணம் தேடப் போனால் இல்லாத காரணம்தான் அகப்படும்.

ஒரு திருத்தத்துக்கு ஒரு வரி

இனி வரும் மாற்றங்களுக்குக் கொப்பியைவிட மூவரும் பார்க்கக்கூடிய கூகுள் ஷீட் வசதி. யார் எந்தக் கட்டத்தைத் திருத்தினார் என்ற பழைய பதிப்புகளும் அதில் நிற்கும். உங்கள் முதல் வரி இப்படி இருக்கலாம்:

```
திகதி நேரம் : 26-07, மாலை 4.10
யார்        : விளம்பரம்
எது         : முதன்மை வகை
பழையது      : Tailor
புதியது      : Boutique
ஏன்         : குர்தி விற்பனை தொடங்கியது
வெளியில்    : 27-07 காலை தெரிந்தது
```

இதில் இரண்டு கட்டங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'பழையது' என்பதில் "பெயர் மாற்றினோம்" என்று எழுதினால் பிரயோசனமில்லை. பழைய எழுத்தை அப்படியே நகலெடுத்து ஒட்ட வேண்டும், புள்ளி, இடைவெளி உட்பட. திரும்பிப் போக வேண்டிய நாளில் உங்களுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். 'வெளியில்' என்பது மற்றது. நீங்கள் சேமித்த நேரமும் மக்கள் கண்ணுக்குத் தெரிந்த நேரமும் ஒன்றல்ல. சில மாற்றங்கள் நிமிடங்களில் வெளிவரும், சில பரிசீலனையில் நாட்கணக்காகக் கிடக்கும். செவ்வாய் சேமித்தது சனிக்கிழமைதான் வெளிவந்தது என்றால், புதன்கிழமை இறக்கத்துக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. வேறொரு போனில், உள்நுழையாமல் பார்த்துவிட்டு இந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.

நீங்கள் செய்யாத மாற்றங்களுக்கும் ஒரு வரி வேண்டும். கூகுள் தானாக மாற்றிய நேரம், காணாமல் போன விமர்சனங்கள், வீதியில் குழி தோண்டிய கிழமை, பக்கத்தில் திறந்த புதுத் தையல் கடை, இணையத்தளத்தில் செய்த மாற்றம். இவற்றில் 'யார்' என்ற இடத்தில் "வெளி" என்று போடுங்கள். படம் ஏற்றியது, விபரணத்தில் ஒரு வரி திருத்தியது போன்ற சிறியவற்றை ஒரு கிழமைக்கு ஒரு வரியாகச் சுருக்கிவிடலாம்.

மாதக் கடைசியில் கோல், வழி கேட்டவர்கள், முதல் பத்துத் தேடல் சொற்கள் ஆகியவற்றை அதே ஷீட்டின் இன்னொரு தாளில் பதியுங்கள். பழைய மாதங்களைக் கூகுள் என்றென்றைக்கும் வைத்திருக்காது. அடுத்த ஆடியை இந்த ஆடியோடு ஒப்பிட வேண்டுமென்றால் எண்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

யார் கையில் சாவி

விளம்பரப் பிள்ளை உங்கள் கடவுச்சொல்லை வைத்துத்தான் உள்ளே போகிறார் என்றால் அதை இன்றே மாற்றுங்கள். பதிவுக்கு முதன்மை உரிமையாளர், உரிமையாளர், நிர்வாகி என்று நிலைகள் உண்டு. முதன்மை உரிமையாளர் நீங்களாக இருக்க வேண்டும், மற்ற இருவரும் தங்கள் சொந்த ஜிமெயிலில் நிர்வாகிகளாக இருந்தால் போதும். ஒருவேளை அந்தப் பிள்ளையின் கணக்கே முதன்மை உரிமையாளராக இருந்தால் சண்டை பிடிக்காமல் முதலில் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்த உரிமையாளர் ஏழு நாட்கள் வரை மற்றவர்களை நீக்க முடியாது என்பதால், உறவை முறித்துக்கொண்ட பிறகு தொடங்கினால் கஷ்டப்படுவீர்கள். நிர்வாகியாலும் வகையை மாற்ற முடியும். ஆகவே "ஷீட்டில் வரி எழுதிய பிறகே கை வைப்பது" என்று இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

திருத்தும் ஒழுங்கு

வரும் இரண்டு செவ்வாய்களும் அளவு மட்டும் எடுங்கள். இப்போதைய நிலை தெரிய அது வேண்டும். இரண்டாவது அளவு முடிந்ததும் முதன்மை வகையை Tailor ஆக்கி, Boutique என்பதை மேலதிக வகையாக வையுங்கள். குர்தி உண்மையாகவே விற்கிறீர்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கடையின் அடிப்படை வேலை தையல். அது வெளியில் தெரிந்த நாளிலிருந்து மூன்று செவ்வாய் பொறுங்கள். tailor near me ஏறி boutique near me இறங்கினால், அதுவும் அந்த இரண்டு கடைகள் அசையாமல் இருக்கும்போது நடந்தால், வகைதான் காரணம் என்று தைரியமாக எழுதலாம். பழைய மூன்றாம் இடமே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த இரண்டு மாதத்தில் மற்றவர்கள் புது விமர்சனங்கள் சேர்த்திருப்பார்கள்.

மூன்று அளவிலும் அசைவில்லை என்றால் என் கணிப்பு பிழை. அப்போது மேப்பில் புள்ளி நகர்ந்திருக்கிறதா, உங்கள் பெயரில் இரண்டாவது பதிவு ஏதும் முளைத்திருக்கிறதா, விமர்சனங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பார்த்து, கண்டதை அந்த ஷீட்டோடு அனுப்புங்கள்.

பெயரைத் திருத்துவது இதற்குப் பிறகுதான். இடையில் கூகுளிடமிருந்து பெயர் பற்றி எச்சரிக்கை வந்தால் மட்டும் ஒழுங்கை மாற்றி, உடனே திருத்துங்கள். Best Blouse Stitching Wellawatte என்பதை எடுத்து, போர்டில் உள்ளதை அப்படியே போடுங்கள். அந்தச் சொற்களுக்குக் கொஞ்சம் இறங்கும், அந்த இறக்கத்துக்கு ஷீட்டில் முன்கூட்டியே ஒரு வரி இருக்கட்டும், ஒருவரும் பதறாமல் இருப்பதற்கு. பெயர் மாற்றிய அன்று காணொளி மூலம் சரிபார்க்கச் சொல்லலாம். வீதிப் பெயர்ப் பலகை, கடை போர்டு, தையல் மெஷின்கள், நீங்களே சாவி போட்டுக் கதவு திறப்பது ஆகியவற்றை வெட்டாமல் ஒரே காணொளியில் காட்ட வேண்டியிருக்கும். வியாபாரப் பதிவுச் சான்றிதழையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, கடையில் கூட்டமில்லாத ஒரு காலை வேளையில் சேமிப்புப் பொத்தானை அழுத்துங்கள்.